ஜார் ஒழுகுது, இவங்க டிஸ்ப்ளே மாட்டுறாங்க

கோவையிலோ வேறெங்கோ சின்ன அளவில் மிக்ஸி தயாரிக்கும் கம்பெனிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வாங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகாத மிக்ஸியில் ஜாரைத் தூக்கினால், மோட்டாரோடு ஜாரை இணைக்கும் கப்ளர் மேல் மஞ்சள் தண்ணீர் நிற்கிறது. அதே மிக்ஸியின் புது மாடலில் நீங்கள் வைத்திருப்பது நீல விளக்கு, டிஜிட்டல் டைமர், பளபளக்கும் குமிழ். இதை யார் கேட்டார்கள்?

"வாடிக்கையாளரிடம் சர்வே எடுத்துத்தான் செய்தோம்" என்பார்கள். எடுத்திருப்பார்கள்தான், கேட்ட கேள்விதான் தப்பு. "புதுசா என்ன வசதி வேணும்?" என்று கேட்டால் எந்த மனுஷியாவது "ஜார் ஒழுகாமல் இருக்கணும்" என்று சொல்வாளா? ஒழுகாமல் இருப்பதை யாரும் வசதியாக நினைப்பதில்லை. அது இருந்தே ஆக வேண்டியது. அதனால் அது வாயில் வராது, சர்வே தாளில் ஏறாது, டிசைன் மீட்டிங்கில் பேசப்படாது. பேசப்படுவது டிஸ்ப்ளே மட்டும்.

இந்தக் கோளாறுக்கு மருந்து புதிதல்ல. ஜப்பானின் தர மேலாண்மைப் பேராசிரியர் நோரியாக்கி கானோவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1984-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். பொருளின் அம்சங்கள் எல்லாம் ஒரே மாதிரி திருப்தி தருவதில்லை. அடிப்படை அம்சம் இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் திட்டுவார்கள். செயல்திறன் அம்சம் கூடக் கூடத் திருப்தியும் கூடும், குறையக் குறையக் கோபம் வரும். மகிழ்வூட்டும் அம்சம் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, இருந்தால் முகம் மலரும். இவை போக, இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரும் கண்டுகொள்ளாதவை ஒரு கூட்டம். நம் ஊர் மிக்ஸிகளின் அலங்காரத்தில் பாதி இந்தக் கூட்டம்தான்.

எது எந்த வகை என்று மேஜையில் உட்கார்ந்து ஊகிக்கக் கூடாது. ஒவ்வொரு அம்சத்துக்கும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். "தினமும் அரைத்தாலும் இரண்டு வருஷம் ஜாரின் அடி ஒழுகாமல் இருந்தால் எப்படி?" என்று ஒன்று. "ஒரு வருஷத்திலேயே ஒழுக ஆரம்பித்தால் எப்படி?" என்று இன்னொன்று. இரண்டுக்கும் அதே ஐந்து பதில்கள்: பிடிக்கும், அப்படித்தான் இருக்கணும், எப்படி இருந்தாலும் சரி, பரவாயில்லை சமாளிச்சுக்கலாம், பிடிக்காது. இரண்டு பதிலையும் சேர்த்துப் பார்த்தால்தான் வகை தெரியும். முதலில் "அப்படித்தான் இருக்கணும்", இரண்டாவதில் "பிடிக்காது" என்றால் அடிப்படை. "பிடிக்கும்", "பிடிக்காது" என்றால் செயல்திறன். முதலில் "பிடிக்கும்", இரண்டாவதில் "எப்படி இருந்தாலும் சரி" என்றால் மகிழ்வூட்டுவது. இரண்டுக்குமே "பிடிக்கும்" என்றால் கேள்வி புரியவில்லை. அந்தத் தாளைத் தள்ளிவைத்துவிட்டுக் கேள்வியைத் திருத்துங்கள்.

"அடியில் புது வகை சீல் வைத்தால் பிடிக்குமா?" என்று கேட்டுத் தொலைக்காதீர்கள். சீல் உங்கள் கவலை. அரைப்பவருக்குத் தெரிவது ஒழுகுகிறதா இல்லையா என்பது மட்டும்தான்.

இப்போது கணக்கு. நாற்பது பேரிடம் கேட்டதாக வைத்துக்கொள்வோம். ஒழுகாமை பற்றி 27 பேர் அடிப்படை, 9 பேர் செயல்திறன், ஒருவர் மகிழ்வு, 3 பேர் கண்டுகொள்ளவில்லை. டிஸ்ப்ளேவுக்கு 11 பேர் மகிழ்வு, 2 பேர் செயல்திறன், மீதி 27 பேர் கண்டுகொள்ளவில்லை. மகிழ்வையும் செயல்திறனையும் கூட்டி நாற்பதால் வகுத்தால், இருந்தால் எவ்வளவு திருப்தி என்ற எண் வரும். டிஸ்ப்ளேவுக்கு 0.33, ஒழுகாமைக்கு 0.25. பார்த்தீர்களா, டிஸ்ப்ளே ஜெயித்துவிட்டது! இந்த ஒரு எண்ணோடு நிறுத்தும் முதலாளி நேராக விளக்கு வாங்கப் போவார். செயல்திறனையும் அடிப்படையையும் கூட்டி வகுத்தால் வருவது, இல்லாவிட்டால் எவ்வளவு கோபம் என்ற எண். டிஸ்ப்ளேவுக்கு 0.05, ஒழுகாமைக்கு 0.90. இந்த இரண்டாவது எண்ணை யாரும் போடுவதே இல்லை, ஆத்திரமே அதனால்தான்.

யாரிடம் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். கடையில் புது மிக்ஸியைத் தடவிப் பார்ப்பவரிடம் கேட்டால் விளக்குதான் ஜெயிக்கும். இரண்டு வருஷம் தினமும் சட்னி அரைத்தவரிடம் கேளுங்கள். சர்வீஸ் சென்டருக்கு வருபவரிடம் மட்டும் கேட்டால் அதுவும் ஒருதலைப்பட்சம், அவர் ஏற்கெனவே ஒழுகிப்போய் வந்தவர். டிபன் கடைக்காரரையும் நாலு பேர் குடும்பத்தையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். தொடர்ந்து ஓட்டினாலும் சூடாகாத மோட்டார் கடைக்காரருக்கு அடிப்படை, வீட்டுக்காரருக்கு அது பெரிய விஷயமே இல்லை. கலந்தால் இரண்டு பேரின் உண்மையும் தொலையும்.

சரி, ஒழுகல் அடிப்படை என்று தெரிந்தபின் என்ன செய்வது? தடித்த சீல் வாங்கிப் போட்டுவிட்டு முடிந்தது என்று கைதட்டுவதில்லை. பிளேடைத் தாங்கும் தண்டு ஜாரின் அடியில் புஷ் என்ற சின்னக் குழாய்க்குள் சுழல்கிறது. புஷ் தேய்ந்தால் தண்டு ஆடும். ஆடும் தண்டு சீலின் உதட்டை ஒரு பக்கமாகத் தின்றுவிடும். அதன்பிறகு உப்பும் புளியும் கலந்த தண்ணீர் கப்ளருக்கு இறங்கி, அங்கிருந்து மோட்டாரின் பேரிங்குக்குப் போகும். ஜாரைக் காலியாக்கிக் கவிழ்த்து, அடியில் இருக்கும் கப்ளரைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் போய்விட்டது. அரைத்த சட்னியில் கறுப்புப் பிசுக்கு தெரிந்தாலும் அதே கதைதான்.

தொழிற்சாலையில் புது ஜாரில் தண்ணீர் ஊற்றி நிறுத்தி வைத்துப் பார்க்கிறார்கள். புதுசு எப்படி ஒழுகும்? ஜாரைச் சுமையோடு பல நூறு தடவை ஓட்டி, புஷ் கொஞ்சம் தேய்ந்தபின் தண்ணீரோடு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். நிற்கும்போது ஒழுகாத ஜார் சுழலும்போது ஒழுகும். இந்தச் சோதனைக்குத் தேவை ஒரு மேஜை, ஒரு டைமர் சுவிட்ச், ஒரு ஆள். சின்னக் கம்பெனிக்குக் கட்டாத செலவா இது?

அடிப்படை அம்சத்துக்கு ஒரு எல்லையும் உண்டு. இரண்டு வருஷம் ஒழுகாது என்ற இலக்கைத் தொட்டால் நிறுத்திக்கொள்ளலாம். பத்து வருஷம் ஒழுகாத ஜாருக்கு யாரும் மாலை போடப் போவதில்லை. மிச்சப் பணம் செயல்திறனுக்குப் போகட்டும். தேங்காய்ச் சட்னி எவ்வளவு நேரத்தில் நைசாகிறது, அரைக்கும்போது எவ்வளவு சத்தம் என்பவை அங்கே வரும். இவற்றில் போட்டிக் கம்பெனியைவிடக் கொஞ்சம் முன்னால் நின்றாலே பக்கத்து வீட்டுக்காரர் கவனிப்பார். மகிழ்வூட்டுவதில் ஒன்றே ஒன்று போதும், அதுவும் மலிவாக.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். கப்ளர் அடிக்கடி உடைகிறது என்று இரும்பில் செய்துவிடாதீர்கள். பிளேடு சிக்கிக்கொள்ளும்போது முதலில் அது உடைந்தால்தான் மோட்டார் பிழைக்கும். இங்கே அடிப்படை அம்சம் உடையாத கப்ளர் இல்லை. உடைந்த அன்றைக்கே பக்கத்துக் கடையில் அதே அளவில் கப்ளர் கிடைப்பதுதான். மாடலுக்கு மாடல் அதன் அளவை மாற்றிவிட்டு, ஸ்பேர் இல்லை என்று சர்வீஸ் சென்டரில் கையை விரிக்கும் கம்பெனிகளுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.