விசாகப்பட்டினம் டாஸும் மச்சானின் ‘வெற்றியும்’

விசாகப்பட்டினத்தில் இந்தியா டாஸ் ஜெயித்ததில் பந்தயக் காசு வந்தது என்று மச்சான் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ‘பொறுமைக்குப் பலன்’ என்று தலைப்பு வேறு. கணக்கைக் கேட்டு நான் போட்ட கமெண்ட்டை அழித்துவிட்டான். சரி, இங்கே போடுகிறேன்.

2023 உலகக் கோப்பை இறுதியில் தொடங்கி இந்தியா ஒருநாள் போட்டிகளில் வரிசையாக டாஸ் தோற்றது. இங்கிலாந்து தொடர் முடிந்தபோது பத்து. ‘பத்து முறை தோத்தாச்சு, இனி விழாமல் எங்கே போகும்?’ என்று சாம்பியன்ஸ் டிராபி முதல் மேட்சில் இந்தியா டாஸ் ஜெயிக்கும் என்று 100 ரூபாய் கட்டினான். தோற்றால் இரட்டிப்பு, இதுதான் அவன் திட்டம். அந்தத் தொடரின் ஐந்து டாஸும் போனது. ஆஸ்திரேலியாவில் மூன்று. பிறகு தென்னாப்பிரிக்காவோடு ராஞ்சி, ராய்ப்பூர் இரண்டும். ராய்ப்பூரில் கட்டியது 51,200. அதுவரை விட்டது மொத்தம் 1,02,300.

100 ரூபாய் அவன் பர்ஸைப் பார்த்து வைத்தது. 51,200 எதைப் பார்த்து வைத்தது? விட்ட காசைப் பார்த்து. நாணயத்தைப் பற்றி அவனுக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை, வாய்ப்பு அதே பாதிதான். கூடியது பள்ளம் மட்டும்.

விசாகப்பட்டினத்தில் 1,02,400 கட்டி ஜெயித்தான். முழுசாக ஒன்றுக்கு ஒன்று கொடுத்திருந்தால் லாபம் 100 ரூபாய். ஆனால் இவனுடைய புக்கி 100க்கு 90தான் தருவான். கைக்கு வந்த லாபம் 92,160. ஜெயித்த பிறகும் 10,140 நஷ்டம்! இதற்குத்தான் அத்தனை ஹார்ட்டின்.

‘இருபது முறை தொடர்ந்து தோற்பது பத்து லட்சத்தில் ஒன்று, உனக்குப் புள்ளியியல் தெரியாது’ என்பீர்கள். அது முதல் டாஸுக்கு முன்னால் போடும் கணக்கு. பத்து தோற்ற பிறகு, இன்னும் பத்து தோற்க வாய்ப்பு 1024ல் ஒன்று. அடுத்த ஒன்றுக்குப் பாதி. பழைய பத்தையும் சேர்த்து எண்ணுவதுதான் ஏமாற்று. நாணயத்தில் கோளாறு என்று சந்தேகமா? அப்படியென்றால் தோற்கும் பக்கம்தானே கட்டியிருக்க வேண்டும்?

‘ஜாலிக்குத்தானே’ என்பவர்களுக்கு: ஜாலி 100 ரூபாயிலேயே நிற்கும். ஒவ்வொரு முறையும் அதே 100 கட்டியிருந்தால் பத்து தோல்விக்கு ஆயிரம் ரூபாய். கடைசியில் ஒரு 90 வந்து, 910 ரூபாயோடு போயிருக்கும். யார் கேட்கப் போகிறார்கள்?

ராய்ப்பூருக்கு முந்தின நாள் பிள்ளைக்கு ஃபீஸ் என்று என்னிடம் 20,000 வாங்கினான். அக்காவிடம் கேட்டேன், ஃபீஸ் ஜூனிலேயே கட்டியாச்சாம். ‘உனக்குப் பொறாமை’ என்று எழுதிய நண்பர்களே, அந்த 51,200க்குள் என் காசும் இருந்தது. ஜெயித்தவன் அதையாவது தந்திருக்கலாம். கேட்டால், தென்னாப்பிரிக்கா டி20 தொடர் முடியட்டும் என்கிறான்.