ரேஷியோ 1.40, சனிக்கிழமை சம்பளத்துக்குக் கைமாத்து

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் நண்பர் ஒருவர் ப்ரொவிஷனல் கணக்கை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். "ஏனுங்க ஆடிட்டர் சார், கரண்ட் ரேஷியோ 1.40 இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்குங்க நான் வாராவாரம் சம்பளத்துக்குக் கைமாத்து வாங்கிட்டுத் திரியறேன்?"

நியாயமான கேள்வி. கணக்கைப் பிரித்தோம். சரக்கு 180 லட்சம், வரவேண்டிய பாக்கி 90, கையிலும் பேங்கிலும் 10. மொத்தம் 280. எதிர்ப்பக்கம் பேங்க்கில் எடுத்த சிசி கடன் 110, நூல் மில்லுக்கும் டையிங்குக்கும் ஜாப்வொர்க்குக்கும் தர வேண்டியது 80, இதர பாக்கி 10. மொத்தம் 200. நடப்புச் சொத்து 280-ஐ நடப்புக் கடன் 200-ஆல் வகுத்தால் கரண்ட் ரேஷியோ 1.40. இது 2 இருக்க வேண்டும் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். ஆனால் சிசி வாங்குகிற நம்மூர்க் கம்பெனிக்கு பேங்க் பார்ப்பது 1.33. பேங்க் கடனுக்கு அளவுகோல் வகுத்த டாண்டன் கமிட்டி காலத்துக் கணக்கு அது: நடப்புச் சொத்தில் கால்பங்கு உன் நீண்டகாலப் பணமாக இருக்கட்டும், 75 ரூபாய்க்கு மேல் கடன்பட்டு ஓட்டாதே என்பதுதான் 100/75. அந்த அளவுகோலில் நண்பர் பாஸ்.

சரக்கைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். மீதி 100, கடன் 200. குயிக் ரேஷியோ 0.50. கொடுக்க வேண்டிய இரண்டு ரூபாய்க்கு, எதையும் தைத்து விற்காமல் கைக்கு வரக்கூடியது ஒரு ரூபாய்தான்.

மூன்று மாதம் முன்னால் இதே கம்பெனிக்கு 0.70 இருந்தது. நடுவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பார்ட்டியிடமிருந்து 40 லட்சம் வந்தது. நூல் விலை ஏறப்போகிறது என்று யாரோ சொல்ல, அத்தனைக்கும் நூல் வாங்கிப் போட்டுவிட்டார். பாக்கி 130-லிருந்து 90 ஆனது, சரக்கு 140-லிருந்து 180 ஆனது. மொத்தம் அதே 280, அதனால் கரண்ட் ரேஷியோ அசையவே இல்லை. பணம் குடோனுக்குள் போய் உட்கார்ந்ததை அந்த எண் கண்டுகொள்ளாது. அதனால்தான் யார் என்னிடம் கரண்ட் ரேஷியோ சொன்னாலும், "சரக்கு எவ்வளவு?" என்று அடுத்த வாயில் கேட்டுவிடுவேன்.

ஆனால் குயிக் ரேஷியோவையும் கும்பிட வேண்டியதில்லை. அது எல்லாச் சரக்கையும் ஒரே தட்டில் வைத்துத் தள்ளுகிறது. நண்பரின் 180-ல் நூல் 50. மூட்டை பிரிக்காத காட்டன் நூலைத் திருப்பூரில் விற்பது பெரிய கஷ்டமில்லை. விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அவருடைய பாக்கியிலோ ஐந்து மாதமாக "அடுத்த வாரம்" என்று சொல்லும் ஒரு பார்ட்டி இருக்கிறார். குயிக் ரேஷியோ அவரை ரொக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறது, நூலை வெளியே நிறுத்துகிறது! மளிகைக் கடைக்கு இந்தக் கணக்கு இன்னும் பொருந்தாது. அங்கே அரிசியும் எண்ணெயும் சில நாளில் காசாகிவிடும், மொத்த வியாபாரிக்குக் கொடுக்க அதற்குமேல் தவணை இருக்கும். 0.30 வைத்துக்கொண்டு நிம்மதியாக நடத்துகிறவர்கள் உண்டு.

அதனால் பேனாவை வைத்துவிட்டு குடோனுக்குப் போனோம். துணி 40, தையலில் இருப்பது 25, தைத்து முடித்தது 65. அந்த 65-ல் 55 லட்சம், வெளிநாட்டு பையர் ரத்து செய்த ஒரே ஆர்டர். அட்டைப்பெட்டிகள் டேப் ஒட்டியபடியே அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்தால், கழுத்தில் பையரின் லேபிள், நம்மூரில் போகாத சைஸ், மடிப்பில் லேசாக மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது.

"இது என்னங்க விலை போகும்?"

"காதர்பேட்டையில ஸ்டாக் லாட்டா போட்டா 18 வருமுங்க. பையர் மறுபடி கூப்பிடுவான்னுதான் வச்சிருக்கேன்."

அடக்க விலை, விற்றால் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதில்தான் சரக்கை மதிப்பிட வேண்டும். இந்த விதி அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கொடுத்த பட்டியலை நான் குடோன் பார்க்காமல் அப்படியே ஏற்றியது என் தப்பு. 55 என்று எழுதிய சரக்கு 18 என்றால், அந்த 1.40 ஆரம்பத்திலிருந்தே 1.40 இல்லை.

இரண்டு வாரம் யோசித்து, லாட்டை 18-க்கே தள்ளிவிட்டார். 37 லட்சம் நஷ்டம், கேட்கவே வயிறு எரியும். இப்போது சரக்கு 125, பாக்கி 90, ரொக்கம் 28. கரண்ட் ரேஷியோ 1.215-க்கு இறங்கியது, குயிக் ரேஷியோ 0.59-க்கு ஏறியது. அந்தச் சனிக்கிழமை சம்பளம் சொந்தக் காசில் போனது. திங்கட்கிழமை காலையில் பேங்க் மேனேஜர் எனக்குப் போன் போட்டார்: "என்ன சார், உங்க பார்ட்டி 1.33-க்குக் கீழே போயிட்டாரு, ஏதாவது பிரச்சனையா?"