போர்டில் இருக்கும் விலையும் கைக்கு வரும் விலையும்

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியை இனி நடத்த வேண்டுமா, மூடிவிடலாமா என்ற பேச்சு சில வாரங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. மூடக்கூடாது என்பது என் கருத்து. சொசைட்டி நன்றாக நடந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது நன்றாக நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை, தனியார் டைரி எப்படி உள்ளே வந்தது, நமக்கு உண்மையில் எவ்வளவு கிடைத்தது என்பதைக் கணக்கோடு எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விவரம். நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறோம். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். பால் ஊற்றுவது கேரளக் கூட்டுறவான மில்மாவின் சங்கத்தில், சொசைட்டி என்று சொல்வது அதைத்தான். மாடு வாங்குவது பொள்ளாச்சி சந்தையில். எல்லை இந்தப் பக்கம் இரண்டு மைல், அந்தப் பக்கம் நாலு மைல் என்று கிடப்பதால் எந்த டைரி வண்டியும் இங்கே சுலபமாக வந்து போகும்.

தனியார் டைரியின் ஏஜென்ட் வெளியாள் இல்லை, நம்ம ஊர்ப் பையன்தான். கோடைக்கு முன்னால், தை மாதக் கடைசியில் ஆரம்பித்தான். பால் குறைகிற காலம் அது, எல்லா டைரிக்கும் பால் தேவை. முதல் இரண்டு மாதம் டெஸ்ட் எதுவும் கறாராகப் பார்க்கவில்லை, எல்லாருக்கும் ஒரே விலை. வீட்டு வாசலுக்கே வந்து எடுத்தான். வாராவாரம் சனிக்கிழமை கையில் பணம். மாடு வாங்க அட்வான்ஸும் கொடுத்தான், வட்டி கிடையாது, பாலில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. அதே நேரத்தில் சொசைட்டியில் பத்து நாளைக்கு ஒருமுறை வர வேண்டிய பணம் இருபது நாள், இருபத்தைந்து நாள் என்று இழுத்துக்கொண்டிருந்தது. தவிட்டுக் கடைக்காரர் இருபத்தைந்து நாள் பொறுப்பாரா? போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

விஷயம் ஆரம்பிப்பது வைகாசிக்கு அப்புறம். ஏஜென்ட் ஒரு போர்டு மாட்டினான்: லிட்டர் 46 ரூபாய். சொசைட்டி போர்டில் 43. மூன்று ரூபாய் வித்தியாசம் என்று ஊரே பேசியது. ஆனால் போர்டில் இருக்கும் விலை எந்தப் பாலுக்கு என்பதைப் பெரும்பாலோர் கேட்கவில்லை.

பாலுக்கு விலை போடுவது இரண்டு அளவை வைத்து. ஒன்று கொழுப்பு, நாம் ஃபேட் என்கிறோமே அது. இன்னொன்று கொழுப்பு நீங்கிய மற்றத் திடப்பொருள், அதாவது எஸ்.என்.எஃப். சொசைட்டி போர்டில் இருந்த 43 ரூபாய், ஃபேட் 3.5, எஸ்.என்.எஃப். 8.3 உள்ள பாலுக்கு. ஏஜென்ட் போர்டில் இருந்த 46 ரூபாய், ஃபேட் 4.5, எஸ்.என்.எஃப். 8.5 உள்ள பாலுக்கு. இரண்டு சார்ட்டிலும் ஃபேட் ஒரு பாயிண்ட் கூடினாலோ குறைந்தாலோ 30 பைசா, எஸ்.என்.எஃப். ஒரு பாயிண்டுக்கு 50 பைசா. பாயிண்ட் என்பது 0.1.

பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்கு இரண்டு கலப்பின மாடு. காலையும் மாலையும் சேர்த்து 14 லிட்டர். ஃபேட் 4.0, எஸ்.என்.எஃப். 8.2. நல்ல பால்தான். சொசைட்டி சார்ட்டில் ஃபேட் ஐந்து பாயிண்ட் கூடுதல், அதற்கு ஒன்றரை ரூபாய் ஏறும். எஸ்.என்.எஃப். ஒரு பாயிண்ட் குறைவு, 50 பைசா இறங்கும். ஆக 44 ரூபாய். ஏஜென்ட் சார்ட்டில் அதே பாலுக்கு ஃபேட் ஐந்து பாயிண்ட் குறைவு, ஒன்றரை ரூபாய் போச்சு. எஸ்.என்.எஃப். மூன்று பாயிண்ட் குறைவு, இன்னொரு ஒன்றரை ரூபாய் போச்சு. ஆக 43 ரூபாய். போர்டில் மூன்று ரூபாய் அதிகம் காட்டியவன் கையில் கொடுப்பது ஒரு ரூபாய் குறைவு. இதில் பொய் எதுவும் இல்லை, சார்ட்டை முழுதாகப் படித்தால் தெரிவதுதான்.

ஆனால் அக்கா கைக்கு 43கூட வரவில்லை. "போர்டுல நாப்பத்தாறு போட்டிருக்குதுங்க தம்பி, எனக்கு நாப்பத்தொண்ணுதானுங்களே வருது" என்று சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். சீட்டில் எஸ்.என்.எஃப். 7.8 என்று இருந்தது. பாலில் தண்ணீர் கலந்தாயா என்று ஏஜென்ட் கேட்டிருக்கிறான். அக்காவுக்கு அதுதான் பெரிய வேதனை. அந்த வீட்டில் ஒரு சொட்டு கலக்க மாட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

எஸ்.என்.எஃப். எப்படி வருகிறது என்று பாருங்கள். நேராக யாரும் அளப்பதில்லை. பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு ரீடிங் எடுத்து, அதை வெப்பநிலைக்குத் திருத்தி, அதில் கால் பங்கோடு ஃபேட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, கடைசியில் 0.36 சேர்ப்பார்கள். அக்கா பாலுக்குத் திருத்திய ரீடிங் 28. கால் பங்கு 7, ஃபேட்டிலிருந்து 0.8, அப்புறம் 0.36. மொத்தம் 8.16, அதாவது 8.2. சொசைட்டியில் வந்தது இதுதான்.

லாக்டோமீட்டர் 27 டிகிரி வெப்பத்துக்குச் செய்த கருவி. பால் அதைவிடச் சூடாக இருந்தால் அடர்த்தி குறைந்து மீட்டர் ஆழமாக இறங்கும், ரீடிங் குறையும். அதனால் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 சேர்க்க வேண்டும். ஏஜென்ட் வீட்டு வாசலில், கறந்த கையோடு எடுக்கிறான். பால் 35 டிகிரி சூட்டில் இருக்கிறது. ரீடிங் 26.4 காட்டும். எட்டு டிகிரிக்கு 1.6 சேர்த்தால் 28 வரும். சேர்க்காமல் விட்டால் எஸ்.என்.எஃப். 7.8 என்றுதான் கணக்கில் விழும். போதாததற்கு, கறந்த உடனே பாலில் காற்றும் நுரையும் இருக்கும், அதுவும் ரீடிங்கைக் கொஞ்சம் இறக்கும். வாசலுக்கே வந்து எடுக்கிறான் என்று நாம் வசதியாக நினைத்தது இப்படி லிட்டருக்கு இரண்டு ரூபாயைத் தின்றுவிட்டது. அவன் வண்டியில் தெர்மாமீட்டரே கிடையாது. வேண்டுமென்றே செய்தானா என்று எனக்குத் தெரியாது, அக்காவுக்கு நஷ்டம் இரண்டு வகையிலும் ஒன்றுதான். சொசைட்டியில் 44, இங்கே 41. நாளுக்கு 42 ரூபாய், மாதத்துக்கு 1,260 ரூபாய். ஓணத்துக்குச் சங்கம் தரும் போனஸும், சங்கத்தில் ஊற்றும் பாலுக்கு மட்டும் பஞ்சாயத்து தரும் ஊக்கத்தொகையும் இதில் சேரவில்லை.

அளவு சந்தேகமாக இருந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். அதே பாலில் கொஞ்சம் எடுத்து மூடி, அரை மணி நேரம் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி ஆறவிட்டு, அப்புறம் நன்றாகக் கலக்கி மறுபடி ரீடிங் எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் கலந்த பாலானால் ஆறினாலும் ரீடிங் சரியான அளவுக்கு ஏறாது. தண்ணீர் கலக்காத பாலானால் ஏறிவிடும். அக்கா பாலை நான் இப்படித்தான் பார்த்தேன், 28 வந்தது.

சரி, சொசைட்டி ஏன் பணத்தை இழுத்தடித்தது? கமிட்டிக்காரர்கள் இதைப் பொதுக்குழுவில் சொல்லியே இருக்க வேண்டும். சொசைட்டி நமக்குத் தருவது ஒவ்வொருவர் பாலையும் தனியாக டெஸ்ட் செய்து. சொசைட்டிகளிடம் பால் வாங்கும் மில்மா யூனியன் சொசைட்டிக்குத் தருவது டேங்கில் கலந்த மொத்தப் பாலை டெஸ்ட் செய்து. ஏஜென்ட் முதலில் இழுத்தது ஜெர்சி கலப்பு மாடு வைத்திருப்பவர்களை, கெட்டிப் பால்காரர்களை. மீதி நின்றது பெரும்பாலும் மெலிசான பால். மொத்தப் பாலின் ஃபேட் இறங்கியது. இருப்பவர்களும் போய்விடக் கூடாது என்ற பயத்தில் டெஸ்டில் ஒரு பாயிண்ட், இரண்டு பாயிண்ட் கூட்டி எழுதினார்கள். நமக்கு எழுதியது கூடுதல், யூனியனிலிருந்து வந்தது குறைவு. அந்த ஓட்டை பத்து நாளைக்கொருமுறை பெரிதாகிக்கொண்டே போனது. பாலின் அளவு பாதியாகக் குறைந்தபோது கூலருக்கான கரண்ட் செலவும் டெஸ்டர் சம்பளமும் மட்டும் குறையவில்லை. பணம் தாமதம், தாமதத்தால் இன்னும் நாலு பேர் விலகல், அதனால் மறுபடி தாமதம். நல்லெண்ணத்தில் கூட்டி எழுதியதுதான் சங்கத்தை அதிகம் சாய்த்தது என்று நான் நினைக்கிறேன்.

மழை பெய்து புல் வந்து, ஐப்பசியில் பால் பெருகியது. ஏஜென்ட் இரண்டு ரூபாய் குறைத்தான். அடுத்த மாதம் மறுபடி குறைத்தான். அப்புறம் சாயங்காலப் பால் வேண்டாம் என்றான். அட்வான்ஸ் வாங்கியவர்கள் வேறு எங்கும் ஊற்ற முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு வந்தார்கள். கோடையில் விட்டுவிட்டுப் போனவர்கள் பாலை எடுக்கக் கூடாது என்று கமிட்டியில் இரண்டு பேர் சண்டை போட்டது எல்லாருக்கும் தெரியும்.

கூட்டுறவு என்றால் எப்போதும் எடுத்துக்கொள்ளும் என்றும் நான் சொல்லவில்லை. 2020 ஏப்ரல் ஊரடங்கில் மலபார் பகுதியில் மில்மாவே பால் எடுப்பதை நிறுத்தி, பிறகு குறைத்து எடுத்தது. மிச்சமாகும் பால் அப்போது தமிழ்நாட்டுக்குப் போய்த்தான் பவுடரானது, அந்த வழி அடைபட்டதுதான் காரணம். மலப்புறம் மூர்க்கனாட்டில் சொந்தப் பவுடர் ஆலை திறந்தது 2024 கடைசியில்தான். இருந்தாலும் பால் மிஞ்சினால் எங்கே கொண்டுபோவது என்று யோசிக்கும் பொறுப்பு கூட்டுறவுக்கு இருக்கிறது. ஏஜென்டுக்கு அந்தப் பொறுப்பு இல்லை, அவனிடம் எதிர்பார்க்கவும் முடியாது. இன்னொன்று, ஏஜென்ட் 46 என்று போர்டு வைத்ததே பக்கத்தில் 43 என்று ஒரு போர்டு இருந்ததால்தான். அந்த போர்டைக் கழற்றிவிட்டால் அவன் யாரைப் பார்த்து விலை வைப்பான்?

திரும்பி வந்தவர்களை எடுக்க வேண்டும். அவர்களும் உறுப்பினர்கள். ஆனால் போனஸைப் பங்கு வைக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பது என் யோசனை. இப்போது வருஷம் முழுவதும் ஊற்றிய மொத்த லிட்டரை வைத்துக் கொடுக்கிறோம். மாசியிலிருந்து வைகாசி வரை ஊற்றிய லிட்டரை மட்டும் இரட்டிப்பாகக் கணக்கில் எடுங்கள். பால் குறைந்த காலத்தில் சங்கத்தோடு நின்றவருக்கு அதிகம், பால் பெருகியபோது மட்டும் வந்தவருக்குக் குறைவு. யாரையும் துரத்தத் தேவையில்லை. கூடவே சீட்டில் ஃபேட், ரீடிங், வெப்பநிலை மூன்றும் அச்சாக வேண்டும். யாருக்கும் கூட்டி எழுதக் கூடாது, என் வீட்டுக்கும் சேர்த்துத்தான். பணம் பத்தாம் நாள் வரவில்லை என்றால் பதினோராம் நாள் காரணத்தை போர்டில் எழுத வேண்டும். மாட்டுக் கடனுக்குக் கமிட்டி சர்வீஸ் கூட்டுறவு பேங்கில் பேசி, பாலில் கழித்துக் கட்டும் ஏற்பாடு செய்ய வேண்டும். அட்வான்ஸ் கிடைக்கும் ஒரே இடம் ஏஜென்ட் வண்டி என்ற நிலை இருக்கும்வரை சொசைட்டி எழாது.

இவற்றைத் தீர்மானமாக எழுதி செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். போனஸ் முறைக்குத் துணைவிதியில் திருத்தம் தேவைப்படும், அதற்குப் பொதுக்குழுவில் ஆள் வேண்டும். இந்த மாதக் கடைசி ஞாயிறு கூட்டம். ஏஜென்டிடம் ஊற்றுகிறவர்களும் வாருங்கள், உங்கள் கடைசி மூன்று சீட்டையும் கொண்டு வாருங்கள். இரண்டு சார்ட்டிலும் எவ்வளவு வரும் என்று அங்கேயே போட்டுப் பார்க்கலாம்.