பொன்னுக்கு வீங்கியும் காது கேளாமையும்

பரவும் செய்தி: “பொன்னுக்கு வீங்கி கன்னத்தில் வரும் வெறும் வீக்கம்தான். ஒரு வாரத்தில் வற்றிவிடும், தடுப்பூசி தேவையில்லை.”

பெரும்பாலான குழந்தைகளுக்கு வீக்கம் வற்றிவிடுவது உண்மையே. ஆனால், இந்நோய்க்குக் காரணமான வைரஸ் காதுக்கு முன்னும் கீழுமுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியோடு நின்றுவிடுவதில்லை. அது இரத்தத்தின் வழியே மூளையுறை, விந்தகம், கணையம் ஆகியவற்றையும், அரிதாக உட்காதையும் தாக்குகிறது.

உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட பகுதியிலுள்ள நுண்ணிய உணர்செல்கள் அழிந்தால் அவை மீண்டும் வளர்வதில்லை என்பதால், அந்தக் காது நிரந்தரமாகக் கேட்காமல் போகலாம். கன்னம் லேசாக வீங்கியவருக்கும், வீங்காதவருக்கும்கூட இது நேரக்கூடும் என்பதால், வீக்கத்தின் அளவை வைத்து ஆபத்தைக் கணிக்க இயலாது.

பெரும்பாலும் ஒரு காதே பாதிக்கப்படுவதால், மறு காதைக் கொண்டு குழந்தை இயல்பாகவே பேசிப் பழகும். எனவே, இதைக் கவனிக்கவில்லை என்று பெற்றோரைக் குறை சொல்ல இடமில்லை. தொலைபேசியை எப்போதும் ஒரே காதில் வைப்பதும், அழைக்கும் குரல் எத்திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் திரும்பித் தேடுவதும் ஒரு காது கேளாததைக் காட்டிக்கொடுக்கலாம். நோயின்போதோ அதன் பின்னரோ இவ்வாறு தோன்றினால், சொட்டு மருந்து விட்டுக் காத்திராமல், ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதிக்கும் கேட்புத்திறன் பரிசோதனையை உடனே செய்ய வேண்டும்.

இந்த வைரஸை அழிக்கும் தனி மருந்து இல்லை. தட்டம்மை, ரூபெல்லாவோடு இதையும் தடுக்கும் எம்.எம்.ஆர். தடுப்பூசியில் வலுக்குறைக்கப்பட்ட வைரஸ் இருப்பதால், உடல் முன்கூட்டியே எதிர்ப்பாற்றலை உருவாக்கிக்கொள்கிறது. 2 தவணை செலுத்தியவர்களுக்கும் சில வேளைகளில் நோய் வருவதுண்டு; எனினும், அவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாகவே ஏற்படுகின்றன.