நைட் முடிந்த நாள் ஆஃப் இல்லை

எங்கள் வார்டில் ஒரு நர்ஸ் போன வருடம் டூட்டி சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். சனிக்கிழமை கட்டத்தில் நைட், ஞாயிறு கட்டத்தில் ஆஃப், திங்கள் மார்னிங் என்று நான்தான் எழுதியிருந்தேன். "அக்கா, ஞாயித்துக்கிழமை காலையில ஏழரை வரைக்கும் வார்டுல நின்னேன். அதுக்குப் பேரு ஆஃபா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய், குளித்து, தூங்கி எழுந்தால் மாலை விளக்கு வைக்கும் நேரம். அந்த நாளை ஆஃப் என்று எழுதி எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் கூச்சமாக இருந்தது.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. வார்டில் 24 படுக்கை. மார்னிங் ஏழரை முதல் ஒன்றரை வரை மூன்று பேர், ஈவ்னிங் ஒன்றரை முதல் ஏழரை வரை இரண்டு பேர், நைட் பன்னிரண்டு மணி நேரம் இரண்டு பேர். ஆக ஒரு நாளுக்கு ஏழு பேர் வேண்டும். நான் இன்சார்ஜ், ஜெனரல் டூட்டி, இந்தக் கணக்கில் வரமாட்டேன்.

முன்பெல்லாம் ஞாயிறு மதியம் உட்கார்ந்து அடுத்த வாரத்துக்குக் கையால் எழுதுவேன். கையால் எழுதும்போது ஒரு விஷயம் நடக்கும்: எதிர்த்துப் பேசாதவள் தலையில்தான் நைட் விழும். வேண்டுமென்று செய்வதில்லை. ஒரு கட்டம் நிரம்பவில்லை என்றால் யாரிடம் கேட்டால் சரி என்பாளோ அவள் பெயர் தானாகக் கைக்கு வந்துவிடும். பழைய நோட்டைப் புரட்டி ஞாயிறு நைட்டுகளை மட்டும் எண்ணிப் பார்த்தேன். என்னிடம் அதிகம் பேசாத இரண்டு பேருக்குத்தான் அதிகம்.

அப்புறம் வாரக் கணக்கையே விட்டுவிட்டேன். இப்போது பத்து நாள் சக்கரம். மூன்று மார்னிங், ஒரு ஆஃப், இரண்டு ஈவ்னிங், இரண்டு நைட், ஒரு தூக்க நாள், ஒரு ஆஃப். பத்து பேர், ஒவ்வொருவரும் முன்னவரைவிட ஒரு நாள் பின்னால். எந்தத் தேதியை எடுத்தாலும் மார்னிங்கில் மூன்று, ஈவ்னிங்கில் இரண்டு, நைட்டில் இரண்டு, தூக்கத்தில் ஒருவர், ஆஃபில் இரண்டு பேர் தானாக அமைந்துவிடுவார்கள். தூக்க நாளைத் தனி எழுத்தில் போடுவதுதான் இதில் எனக்குப் பிடித்தது. அதை ஆஃப் கணக்கில் சேர்க்க யாராலும் முடியாது.

கம்ப்யூட்டரில் எக்செல் ஷீட்டில் போட விரும்புகிறவர்களுக்கு: முதல் நெடுவரிசையில் A2 தொடங்கி 1 முதல் 10 வரை எண், இரண்டாவதில் பெயர், மேல் வரிசையில் C1 தொடங்கித் தேதிகள். C2-வில் இதைப் போட்டு கீழேயும் பக்கவாட்டிலும் இழுத்தால் போதும்.

```
=MID("MMMOEENNSO",MOD(C$1-$A2,10)+1,1)
```

S என்பது தூக்க நாள், O என்பது ஆஃப்.

பத்தும் ஏழும் ஒன்றோடொன்று பொருந்தாத எண்கள் என்பதில்தான் நியாயம் இருக்கிறது. சக்கரம் வாரத்தோடு ஒட்டாமல் நகர்ந்துகொண்டே போகும். 70 நாளில் பத்து ஞாயிறு வரும்; அந்தப் பத்திலும் ஒவ்வொருவருக்கும் இரண்டு நைட், இரண்டு ஆஃப், ஒரு தூக்க நாள். யாருக்கும் கூடாது, குறையாது. என் கைக்கு அங்கே வேலையே இல்லை.

ஒன்பது பேரை வைத்தும் சக்கரம் சுற்றும். நிர்வாகம் அதைத்தான் சொன்னது. மணிக்கணக்கு பார்த்தால் வாரத்துக்கு 42 மணி நேரம்தான், தப்பாகத் தெரியாது. ஆனால் உண்மையான ஆஃப் ஒன்பது நாளுக்கு ஒன்றுதான் கிடைக்கும், தூக்க நாளை ஆஃப் என்று சொன்னால்தான் வார விடுப்பு கணக்கு நேராகும். அந்த ஒரு கட்டத்தைக் காட்டித்தான் பத்தாவது ஆளைக் கேட்டு வாங்கினேன்.

இன்னொன்று, யாரை எந்த எண்ணில் உட்கார வைக்கிறோம் என்ற வரிசை. சக்கரத்தில் மூன்றாம் எண்ணுக்கு நைட் துணை எப்போதும் இரண்டும் நான்கும்தான். அதனால் ஒற்றைப்படை எண்ணில் சீனியர், இரட்டைப்படையில் புதிதாக வந்தவர்கள் என்று வைத்தேன். நடவு, அறுவடை சமயத்தில் ராத்திரி பாம்புக்கடி கேஸ் வரும் ஊர் இது. இரண்டு புதுப்பிள்ளைகள் மட்டும் வார்டில் இருக்கும் ராத்திரி இனி வராது. ஆனால் பக்கத்து எண்ணோடு மனத்தாங்கல் வந்தால் தப்பிக்க வழியில்லை. அதற்காக 70 நாளுக்கு ஒருமுறை எண்களை மாற்றிக் கொடுக்கிறேன்.

சரி, லீவுக்கு வருவோம். அண்ணன் கல்யாணம் என்று ஒரு பெண் ஐந்து நாள் கேட்டாள். அவள் சக்கரத்தில் அந்த ஐந்து நாள்: ஈவ்னிங், நைட், நைட், தூக்கம், ஆஃப். நிரப்ப வேண்டியது மூன்று கட்டம்தான். ஈவ்னிங்குக்கு, அன்று மூன்றாவது மார்னிங்கில் இருப்பவரைத் தள்ளினேன். மறுநாள் அவருக்கு ஆஃப், அதனால் யாருக்கும் இடிக்காது. இரண்டு நைட்டுக்கு, முதல் நைட் தேதியில் மார்னிங் வரிசையைத் தொடங்குபவரை எடுத்தேன். அவருடைய மூன்று மார்னிங்கும் நைட், நைட், தூக்கம் என்று மாறிவிடும். அடுத்த நாள் எப்படியும் அவருக்கு ஆஃப்தான். வேறு யார் பெயரையும் அசைக்கவில்லை. விலை என்னவென்றால் நான்கு நாள் மார்னிங்கில் மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேர், அந்த நான்கு நாளும் டிரெஸ்ஸிங்குக்கு நானே நின்றேன். இதனால்தான் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் லீவு என்கிறேன். இரண்டாவது ஆளும் போனால் மார்னிங்கில் ஒருத்தி மட்டும் நிற்பாள்.

லீவைக் கழித்த விதத்தில்தான் சண்டை வந்தது. ஒரு நைட்டுக்கு இரண்டு சி.எல். கழித்தேன். ஈவ்னிங்குக்கு ஒன்று, நைட்டுக்கு நான்கு, மொத்தம் ஐந்து. "மூணு டூட்டிக்கு அஞ்சு லீவா?" என்றார்கள். பன்னிரண்டு மணி நேரத்தையும் ஆறு மணி நேரத்தையும் ஒரே லீவாகக் கழித்தால், எல்லோரும் நைட் வரும் தேதியில்தான் லீவு கேட்பார்கள். முன்பு அப்படித்தான் கேட்டார்கள். தவிர, அவள் ஊரில் இருந்ததும் ஐந்து நாள்தான். அவளுக்காக இரண்டு நைட் பார்த்தவருக்கு மணிக்கணக்கில் ஆறு மணி நேரம் கூடியிருக்கிறது. அதை நோட்டில் ஏற்றி, நைட் கடன் என்று தலைப்பு போட்டிருக்கிறேன். அதைச் சரிக்குச் சரி திருப்பிக் கொடுக்கச் சக்கரத்தில் வழியில்லை. பண்டிகை லீவில் முதல் வாய்ப்பு அவருக்கு என்று வைத்திருக்கிறேன்.

பண்டிகைக்குச் சக்கரம் உதவாது. தீபாவளியும் பொங்கலும் வருடத்துக்கு ஒருமுறை, 70 நாள் கணக்கில் அவை சமமாகாது. அதற்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனிப் பட்டியல்: யார் எந்தப் பண்டிகை ராத்திரி வார்டில் இருந்தார்கள் என்று. அதைப் பார்த்துத்தான் மாற்றம் செய்கிறேன்.

தை மாதம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வீட்டில் நிலம். சம்பா அறுப்புக்கு மெஷின் என்றைக்கு வரும் என்று முதல் நாள் ராத்திரிதான் தெரியும், ஒரே வாரத்தில் மூன்று பேர் லீவு கேட்டு நிற்பார்கள். போன தையில் ஒருத்திக்குக் கொடுத்தேன், இரண்டு பேருக்கு இல்லை என்றேன். அதில் ஒருத்தி இன்னும் என்னோடு டீ குடிக்க வருவதில்லை.