வாந்தி நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது?

“வாந்தி எடுத்தாலும் பி.பி., சுகர் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது.” பெங்களூரு அல்சூர் பக்கத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி.

தவறு, ஆபத்தும்கூட. டெல்மிசார்ட்டான் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 என்று அட்டையில் சேர்ந்தே அச்சாகியிருந்தால், பி.பி. மாத்திரைக்குள்ளேயே நீர் மாத்திரையும் இருக்கிறது. வாந்தியில் உடல் வற்றும்போது அது இன்னும் நீரை வெளியேற்றும். டெல்மிசார்ட்டான் சிறுநீரக வடிகட்டியின் அழுத்தத்தைக் குறைக்கும். சிறுநீரகம் தடுமாறினால் சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் உடலில் தேங்கி ரத்தத்தில் அமிலம் கூடலாம். சாப்பிடாதவருக்கு இன்னொரு சுகர் மாத்திரையான கிளிமிபிரைடு சுகரைத் தாழ்த்திவிடும். டாபாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை எடுப்பவருக்கு சுகர் சரியாக இருந்தாலும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறலாம்.

எதுவும் வயிற்றில் தங்காத நாளில் இவற்றை நிறுத்தி வைத்து, டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வழக்கம்போல் சாப்பிட்டுக் குடித்து 24 முதல் 48 மணி நேரம் ஆனபின் தொடங்கலாம். இன்சுலினை மட்டும் முழுதாக நிறுத்தவே கூடாது; அளவை டாக்டர் சொல்வார். மெட்டோப்ரோலால் என்ற பி.பி., இதய மாத்திரையையும் நீங்களாக விடாதீர்கள். இதயச் செயலிழப்புக்கு நீர் மாத்திரை எடுப்பவர் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

ஓ.ஆர்.எஸ்.ஸை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். 8 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மயக்கம், குழப்பம், மூச்சிரைப்பு வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.