பெட்டியில் வைத்த பவுன் குட்டி போடாது

ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட் மண்டபத்தில் மேடையேறியவர்கள் பேசியதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். “சேமநிதியை எடுத்துத் தங்கம் வாங்குங்கள், அதுதான் உண்மையான சொத்து.” முன்வரிசையில் இருந்தவர்கள் முப்பது வருஷம் பால் மரம் வெட்டியவர்கள். அதனால்தான் மனசு பொறுக்கவில்லை.

தங்கம் வட்டி தராது, லாபஈவும் தராது. பத்துப் பவுன் பத்து வருஷம் கழித்தும் பத்துப் பவுன்தான். 20,000 வெள்ளி சேமநிதியில் இருந்திருந்தால், 2024-க்கு அறிவித்த 6.30 விழுக்காட்டில் அந்த ஒரு வருஷத்துக்கு 1,260 வெள்ளி வந்திருக்கும். தங்கம் வாங்கியவருக்கு அந்த 1,260 கைவிட்டுப் போன காசு. நகையாக வாங்கினால் கூலி வேறு. விற்கும்போது கடைக்காரர் அதைத் திருப்பித் தரமாட்டார்.

தங்கத்தின் விலையை ஆட்டுவதும் இந்தக் கைவிட்ட காசுதான். வட்டியில் விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பாருங்கள். வட்டி 3, விலைவாசி 5 என்றால் கடன்பத்திரம் வைத்திருப்பவருக்கே நஷ்டம். அப்போது சும்மா கிடக்கும் தங்கம் நல்லதாகத் தெரியும், விலை ஏறும். வட்டி 8, விலைவாசி 3 என்றால் தங்கத்தை வைத்திருக்க எவ்வளவு இழக்கிறோம் என்பது உறைக்கும், விற்பார்கள்.

1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. அமெரிக்காவில் விலைவாசி ஏற்றம் வட்டியைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. பிறகு அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் வட்டியைக் கடுமையாக உயர்த்தினார். 1981 செப்டம்பரில் பத்தாண்டு அரசுக் கடன்பத்திரம் 15 விழுக்காட்டுக்கு மேல் கொடுத்தது. ஆயிரம் டாலர் போட்டவருக்குப் பத்து வருஷத்தில் வட்டியாக மட்டும் 1,500 டாலருக்கு மேல், போட்ட முதலும் அப்படியே திரும்பி வந்தது. அதே மாதம் சுமார் 440 டாலருக்குத் தங்கம் வாங்கியவர் கையில் 1991-இல் அவுன்ஸுக்குச் சுமார் 350 இருந்தது. 1980-இன் 850 திரும்பி வர 2008 ஆயிற்று. இருபத்தெட்டு வருஷம்!

“பங்கும் விழும்தானே?” விழும். ஆனால் கம்பெனி சம்பாதிக்கிறது, லாபஈவு கொடுக்கிறது, மிச்சத்தில் இன்னொரு ஆலை கட்டுகிறது. தங்கக் கட்டி எதையும் கட்டாது. அடுத்தவர் கூடுதல் விலை கொடுத்தால்தான் நமக்கு லாபம்.

“2022-க்குப் பிறகு வட்டி ஏறியும் தங்கம் ஏறியதே?” ஏறியது, மறுக்கவில்லை. ரஷ்யாவின் வெளிநாட்டுக் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கிய பிறகு, தமக்கும் அதே கதி வருமோ என்று மத்திய வங்கிகள் 2022 முதல் 2024 வரை வருஷத்துக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கின. வங்கி பயத்துக்குக் காப்பாக வாங்குகிறது, வட்டியை நம்பி அது சோறு தின்னவில்லை. நம் அம்மாக்கள் மாதச் செலவுக்கு அந்தக் காசை நம்பியிருக்கிறார்கள்.

தாலிக்கொடியை விற்கச் சொல்கிறேனா? என்னை “நம் பண்பாட்டுக்கு எதிரி” என்று எழுதியவர்களுக்குச் சொல்கிறேன், கழுத்தில் கிடப்பதைப் பற்றி நான் பேசவே இல்லை. வருஷத்துக்கு 1,260, அதாவது மாதக் கணக்கில் 105 வெள்ளி தந்த 20,000-ஐ எடுத்து, எதுவும் தராத பெட்டியில் பூட்டச் சொன்னதைத்தான் கேட்கிறேன். மருந்துக்கும் மின்சாரத்துக்கும் அந்த 105-ஐ இனி யார் கொடுப்பார் என்று அந்த மேடையில் ஒருவராவது சொன்னாரா?